8 புள்ளி பின்தங்கிய கபடி அணியிடம் இடைவேளையில் பேசுவது எப்படி: தப்பை எண்ணிச் சொல்லி, இரண்டே வேலை கொடுக்கும் முறை

மாரியம்மன் நோம்பிக்கு நடக்கும் கபடிப் போட்டியில் இடைவேளை விசில் அடித்ததும், தோற்றுக்கொண்டிருக்கும் அணியைச் சுற்றி முதலில் வந்து நிற்பது ஊர்க்காரர்கள்தான். பனியன் வாங்கிக் கொடுத்தவர், பழைய ஆட்டக்காரர், ஒரு பையனின் மாமன், எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். "காலைப் புடிங்கடா." "பெரியவனையே அனுப்புங்கடா." "பயப்படாதீங்கடா." பையன்கள் மூச்சு வாங்கியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். 5 நிமிடம் முடிந்து களத்துக்குள் போகும்போது ஒன்றுகூட மனதில் நிற்காது.

காங்கேயம் பக்கம் ஒரு கபடி அணிக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். தறி ஓட்டுகிறவர்கள், தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்று பையன்கள் சாயங்காலம்தான் கூடுவார்கள். இடைவேளையில் என்ன பேசுவது என்பதை நான் பல ஆட்டங்களைத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது செய்யும் முறையை ஒரு ஆட்டத்தை வைத்தே முழுசாகச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் முதல் பாதி முடிந்தபோது நாங்கள் 11, எதிரணி 19.

பேச்சு முதல் பாதியிலேயே தொடங்குகிறது

ஆண்கள் கபடி 20 நிமிடம், இடைவேளை 5 நிமிடம், மறுபடி 20 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. எங்கே புள்ளி போனது என்பது விசில் அடிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். ஞாபகத்தை நம்பினால் கடைசி 3 நிமிடத்தில் நடந்தது மட்டும்தான் பெரிதாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான். கடைசி ரெய்டில் ஒருவன் மாட்டியிருந்தால், ஆட்டமே அவனால் போனது போல மனசு சொல்லும்.

அதனால் மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவனிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து உட்கார வைக்கிறேன். அவன் எழுத வேண்டியது எதிரணிக்குப் போகும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி மட்டும்தான். நம் ஆளைத் தொட்டார்களா, நம் ரெய்டரைப் பிடித்தார்களா, போனஸா, நம் ஆட்கள் எல்லோரும் அவுட் ஆனதால் போன லோனாவா என்று ஒரு சொல். தொட்டிருந்தால், தொடப்பட்டவன் தானாகப் பாய்ந்தானா, இல்லை நின்ற இடத்திலேயே தொடப்பட்டானா என்று இன்னொரு சொல். நம் ரெய்டர் மாட்டியிருந்தால் அது எத்தனையாவது ரெய்டு என்று ஓர் எண். இதற்கு மேல் எழுதச் சொன்னால் அவன் ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டான்.

அந்த எண் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எதுவும் எடுக்காமல் ஓர் அணி திரும்பினால், மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட். டூ ஆர் டை என்பது அதைத்தான். இவன் வந்தே தீருவான் என்று எதிரணிக்குத் தெரியும் என்பதால் அந்த ரெய்டில் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். ஊர்ப் போட்டிகளில் சில இடங்களில் இந்த விதியை வைப்பதில்லை, பாதியின் நேரத்தையும் குறைத்துக்கொள்வார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நோட்டில் இருந்தது இதுதான். எதிரணியின் 19 புள்ளியில் தொட்டு எடுத்தது 8, நம் ரெய்டரைப் பிடித்து எடுத்தது 6, போனஸ் 3, லோனாவுக்கு 2.

19-இல் எதைப் பேசுவது

முழுப் பட்டியலையும் பையன்களிடம் வாசிப்பது நேர்மை போலத் தெரியும். அதனால் ஒரு பயனும் இல்லை. எதைச் சொன்னால் அடுத்த 20 நிமிடத்தில் மாறுமோ அதைத்தான் எடுக்க வேண்டும். இதற்கு நான் தப்புகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

சில புள்ளிகள் எதிராளியின் திறமையால் போகும். தொட்டு எடுத்த 8-இல் 3 அப்படி. அவர்களுடைய உயரமான ரெய்டர் காலை நீட்டி, ஓரத்தில் நிற்கும் நம் கார்னரின் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனான். கார்னர் நின்ற இடமும் சரி, நின்ற விதமும் சரி. அதில் நம் தப்பு இல்லை.

சில புள்ளிகள் நமக்குக் கைவராத வித்தையால் போகும். கணுக்காலைப் பிடித்தும் பிடி நழுவுவது போல. அதை இடைவேளையில் சரிசெய்ய முடியாது, செவ்வாய்க்கிழமை பயிற்சியில்தான் முடியும். இடைவேளையில் சொன்னால் பையன் அடுத்த தடவை பிடிக்கவே தயங்குவான்.

மூன்றாவது வகை, முடிவெடுப்பதில் வந்த தப்பு. எப்போது போவது, எங்கே போவது, யார் போவது என்பது. இது ஒரே சொல்லில் மாறக்கூடியது. இடைவேளைக்கு உரியது இது மட்டும்தான்.

நோட்டை அப்படிப் பார்த்தபோது இரண்டு வரிசை தெளிவாகத் தெரிந்தது. தொடுபுள்ளி 8-இல் 5, கார்னருக்கு உள்பக்கம் கவரில் நின்றவர்கள் முந்திப் பாய்ந்ததால் போனது. கார்னர் பிடிப்பதற்கு முன்பே கவர் போய் ரெய்டர்மேல் விழுகிறான், ரெய்டர் கையால் தட்டிவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறான். ரெய்டர்கள் மாட்டிய 6-இல் 4, மூன்றாவது ரெய்டு. இந்த இரண்டும் சேர்ந்து 9 புள்ளி. நாங்கள் பின்தங்கியிருந்ததோ 8.

போனஸ் 3 போனதே, அது பெரிதில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் களத்தின் நிலையைப் பாருங்கள். இடைவேளை வந்தபோது எங்கள் பக்கம் உள்ளே 4 பேர்தான். முதல் பாதி முடியும்போது எத்தனை பேர் உள்ளே இருந்தார்களோ அதே எண்ணிக்கையில்தான் இரண்டாவது பாதி தொடங்கும். தடுக்கும் அணியில் 6 பேராவது இருந்தால்தான் ரெய்டருக்குப் போனஸ் உண்டு. 4 பேரோடு நிற்கும் எங்களிடம் அவர்களால் போனஸ் எடுக்கவே முடியாது. அப்படியிருக்க, போனஸைத் தடுக்கச் சொல்லி ஒரு வேலையைக் கொடுத்தால் ரொம்ப நேரத்துக்கு அது பயன்படாமலே கிடக்கும். கொடுக்கும் வேலை அடுத்த விசிலுக்கு எந்த நிலையில் நிற்கிறோமோ அதற்குப் பொருந்த வேண்டும். இதை நான் பல வருசம் கவனிக்காமல் விட்டேன். 7 பேருக்கான வேலையைச் சொல்லி 4 பேரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதல் நிமிடம் பேசாதீர்கள்

விசில் அடித்ததும் தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, ஈரத் துண்டு. அவ்வளவுதான். மூச்சு வாங்குகிறவன் காதில் எதுவும் ஏறாது. இந்த ஒரு நிமிடத்தில் நான் நோட்டுக்காரனோடு ஓரமாகப் போய் எண்ணிக்கையைச் சரிபார்க்கிறேன். ஊர்க்காரர்களை நிறுத்தும் வேலை அணித்தலைவனுடையது. "அஞ்சு நிமிசம் விடுங்க மாமா, ஆட்டம் முடிஞ்சு பேசிக்கலாமுங்க" என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லி முன்கூட்டியே பழக்கியிருக்கிறேன். நான் சொன்னால் கோபம் வரும், அவர்கள் ஊர்ப் பையன் சொன்னால் ஒதுங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் உட்கார வைக்கும் வரிசை. உள்ளே இருந்த 4 பேரை முன்னால் உட்கார வைக்கிறேன். வெளியே போன 3 பேர் அவர்களுக்குப் பின்னால், அவுட் ஆன வரிசைப்படியே. ஏனென்றால் திரும்ப உள்ளே வருவதும் அதே வரிசையில்தான். முதலில் அவுட் ஆனவன் முதலில் வருவான். அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் இடது கார்னர், இரண்டு கவர்கள், அப்புறம் இரண்டாவது ரெய்டரான சின்னப் பையன். எங்கள் முதன்மை ரெய்டர் வெளியே, வரிசையில் முதல் ஆளாக. அவன் வரும் வரை ரெய்டு வேலை சின்னவன் தலையில். இது பேச்சை மாற்றும் விஷயம். பெரியவனைப் பார்த்துப் பேசினால், உண்மையில் போகப்போகிற சின்னவனுக்கு வேலை போய்ச் சேராது.

தப்பைச் சொல்வது

இரண்டாவது நிமிடத்தில் பேச ஆரம்பிக்கிறேன். ஸ்கோரை முதலில், சத்தமாக, அப்படியே. ஸ்கோரைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் பையன்கள் நான் மறைப்பதைத்தான் கவனிப்பார்கள். அப்புறம் தப்பு, எத்தனை தடவை என்ற எண்ணோடு. ஆள் பெயர் கிடையாது, இடத்தின் பெயர் உண்டு. "கவர் பாய்ந்தது" என்று சொன்னால் அது திருத்தக்கூடிய ஒரு செயல். பெயரைச் சொன்னால் சுற்றி இருக்கும் 6 தலையும் அவன் பக்கம் திரும்பும், அவன் அடுத்த 20 நிமிடமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

என் தப்பு இருந்தால் அதே மூச்சில் அதையும் சொல்கிறேன். அன்றைக்கு இருந்தது. மூன்றாவது ரெய்டு வந்த போதெல்லாம் கோட்டுக்கு வெளியே இருந்து பெரியவனையே அனுப்பச் சொல்லிக் கை காட்டியது நான்தான். 4 தடவை மாட்டியது அவன், ஆனால் அந்த முடிவு என்னுடையது. அதைச் சொல்லாமல் அவன் மாட்டியதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை, பையன்களுக்கும் அது தெரியும்.

சொல்லக்கூடாதவையும் சில உண்டு. நடுவரின் தீர்ப்பு, விளக்கு வெளிச்சம், தண்ணி அதிகமாகத் தெளித்த செம்மண். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவை பையன்கள் கையில் இல்லை. அதே போல "நல்லாத்தான் ஆடறீங்க, ஆனா" என்று ஆரம்பிக்கும் பேச்சும் வேண்டாம். அந்த "ஆனா"வுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள், முன்னால் சொன்ன பாராட்டு காற்றோடு போகும்.

தப்பிலிருந்து வேலைக்கு

இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குவோம். "முந்திப் பாயாதே", "மூணாவது ரெய்டில் மாட்டாதே" என்று சொல்வது வேலை கொடுப்பதாகத் தோன்றும். அது தப்பை மறுபடி ஒரு தடவை சொல்வதுதான். பாயாமல் என்ன செய்வது? எதைப் பார்த்துக் கிளம்புவது? பையனுக்குக் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ ஓர் அடையாளம் வேண்டும்.

முந்திப் பாய்வதற்கான வேலையை இப்படி அமைத்தேன். ரெய்டர் முதுகைக் காட்டி நடுக்கோட்டுப் பக்கம் திரும்புவதுதான் அடையாளம். திரும்பும் வரை யாரும் கை போடக்கூடாது. திரும்பியதும் முதல் கை கார்னருடையது, கணுக்காலிலோ தொடையிலோ. கார்னர் "வா" என்று கத்துவான், அந்தச் சத்தம் கேட்டால்தான் கவர் போகலாம். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று.

மூன்றாவது ரெய்டு விஷயத்தில் தப்பு நடக்கும் இடம் வேறு, அது உருவாகும் இடம் வேறு. மூன்றாவது ரெய்டில் மாட்டுவதற்குக் காரணம் முதல் இரண்டையும் சும்மா விட்டது. பையன்கள், ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய பாக் கோட்டை ஒரு கால் தாண்டிவிட்டு நேரத்தைக் கடத்தித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் வேலையை இரண்டாவது ரெய்டில் வைத்தேன். முதல் ரெய்டு வெறுமையாக வந்தாலும் சரி. இரண்டாவதில் எதிரணியின் புதுப் பையன் நிற்கும் மூலைக்குப் போய்ப் போனஸ் கோட்டுக்குக் காலை வைக்க வேண்டும். அவர்கள் பக்கம் 7 பேர் இருந்ததால் போனஸ் உண்டு. கால் போவதைப் பார்த்து அந்தக் கார்னர் முன்னால் வந்தால் அவனைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பலாம், வராவிட்டால் போனஸ்.

இதில் ஒரு குறை இருக்கிறது, தெரிந்தேதான் எடுத்துக்கொண்டேன். போனஸ் எடுத்தால் ஸ்கோர் ஏறும், வெளியே இருப்பவன் உள்ளே வரமாட்டான். ஆள் திரும்ப வேண்டுமானால் தொட வேண்டும், இல்லை பிடிக்க வேண்டும். 4 பேரோடு நிற்கும்போது ஆள்தான் முக்கியம் என்று வாதிடலாம். ஆனால் சின்னப் பையனிடம் "தொட்டே தீரணும்" என்று சொன்னால் மறுபடி மூன்றாவது ரெய்டு போலத்தான் போவான், உள்ளே ஓடி மாட்டுவான். போனஸுக்குப் போகும் கால்தான் கார்னரை வெளியே இழுக்கும், தொடும் வாய்ப்பும் அதிலிருந்துதான் வரும்.

வேலை ஏன் இரண்டு? கபடியில் எவனாக இருந்தாலும் ஒரு நேரத்தில் பிடிக்க நிற்கிறான், இல்லை பாடப் போகிறான். பக்கத்துக்கு ஒரு வேலை என்றால் எந்த நிமிடத்திலும் அவன் மனதில் ஒன்றுதான் இருக்கும். மூன்றாவது ஒன்றைச் சேர்க்கும் ஆசை கடைசி நிமிடத்தில் கட்டாயம் வரும். நோட்டில் கண்ணில் படும், நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடுங்கள்.

அன்றைக்குச் சொன்னது

மண்ணில் விரலால் கோடு போட்டு, 4 கூழாங்கல்லை நாங்களாக வைத்துக்கொண்டு பேசினேன். ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

"தம்பிகளா, 11-க்கு 19. எட்டுப் புள்ளி பின்னாடி இருக்கோம், உள்ள 4 பேரு. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அவங்க எடுத்ததுல 9 புள்ளி நாம பண்ணுன ரெண்டு தப்புல போச்சு. கார்னர் புடிக்கறதுக்கு முன்னாடியே கவர் பாயறோம், அஞ்சு தடவை. மூணாவது ரெய்டுல மாட்டறோம், நாலு தடவை. அதுக்குப் பெரியவனையே போகச் சொல்லிக் கை காட்டுனது நான். அது என்ற தப்பு, அவன்றதில்ல. அந்த உசரப் பையன் காலுல தொட்டுட்டுப் போனது அவன் திறமை, அதை விட்டுருங்க.

"இப்ப ரெண்டே வேலை. புடிக்கறப்ப, அவன் முதுகைக் காட்டித் திரும்பற வரைக்கும் ஒருத்தரும் கை போடாதீங்க. திரும்புனா முதல் கை கார்னர். கார்னர் ‘வா’ன்னா கவர் போ. பாடப் போறப்ப, ரெண்டாவது ரெய்டு சும்மா வரக்கூடாது. புதுப் பையன் நிக்கற மூலைக்குப் போ, போனஸுக்குக் காலை வை. அவன் வந்தா தொடு, வரலீன்னா போனஸ். அவ்வளவுதான். நமக்கு இன்னும் 20 ரெய்டு இருக்குது."

நிறுத்தி நிதானமாகப் பேசியும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியில் சொன்ன 20 என்ற எண் ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. ஒரு ரெய்டுக்கு 30 நொடி. 20 நிமிடத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 40, நமக்கு ஏறக்குறைய 20. 8 புள்ளியை அத்தனை ரெய்டில் தேடினால் போதும் என்று தெரிந்தால் பையன் முதல் ரெய்டிலேயே எல்லாவற்றையும் எடுக்க ஓடமாட்டான்.

திருப்பிச் சொல்ல வைப்பது

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் 7 பேரும் "புரிஞ்சுதுங்கண்ணா" என்பார்கள். அது பதில் இல்லை. நான் வயதில் சின்னவனிடம் கேட்கிறேன்: "கண்ணு, உனக்கு ரெண்டாவது ரெய்டு. எங்க போவே?" வாயால் சொல்ல வேண்டாம், மண்ணில் போட்ட கோட்டில் விரலை வைத்துக் காட்டச் சொல்கிறேன். அன்றைக்கு அவன் விரலை உயரமான பையன் நிற்கும் மூலையில் வைத்தான். பக்கத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தான். காரணம் எளிது, இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். முதல் பாதியில் பந்தல் பக்கம் நின்ற புதுப் பையன் இப்போது தேர்நிலை பக்கம் நிற்பான். கேட்காமல் அனுப்பியிருந்தால் நேராகப் போய் மாட்டியிருப்பான். அதனால் இப்போதெல்லாம் கல்லை வைக்கும்போதே மாறிய பக்கத்தின்படிதான் வைக்கிறேன்.

அப்புறம் கவரில் நிற்கிறவன் ஒரு கேள்வி கேட்டான். "அவன் முதுகே காட்டாமப் பின்னாடியே நடந்து போயிட்டா என்னங்கண்ணா பண்றது?"

"போகட்டும் விடு. அவனுக்கு அது வெத்து ரெய்டு. ரெண்டு தடவை அப்படிப் போனா மூணாவது தடவை அவன்தான் உள்ள வரணும்."

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை வருகிற ரெய்டரையெல்லாம் பிடித்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான் போல. இந்த மாதிரிக் கேள்வி ஒன்று வந்தால் வேலை அவர்கள் மனதில் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வியும் வராமல் எல்லோரும் வெறுமனே தலையாட்டினால், மூன்றாவது நிமிடத்தில் கவரையும் கார்னரையும் எழுந்து நிற்க வைத்து, நானே ரெய்டராக நடந்து, ஒரு தடவை செய்தே பார்க்கச் சொல்வேன்.

களத்துக்குள் போன பிறகு

முதல் பாதியில் முதல் ரெய்டு எங்களுடையது. அதனால் இரண்டாவது பாதியில் முதல் ரெய்டு அவர்களுக்கு. இதை முன்பே பையன்களிடம் சொல்லியிருந்தேன், முதலில் பரீட்சைக்கு வருவது பிடி வேலைதான் என்று. உயரமான பையன் வந்தான். இடது கவரின் தோள் ஒரு தடவை முன்னால் போனது. கார்னர் கையால் அவன் பனியனைப் பின்னால் இழுத்தான். ரெய்டர் இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, முகத்தை எங்கள் பக்கமே வைத்தபடி திரும்பிப் போனான். ஸ்கோர் மாறவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் "புடிக்காம விட்டுட்டாங்க" என்று கத்தினார்கள். எனக்கு அந்த வெற்று ரெய்டு ஒரு புள்ளி எடுத்தது போல இருந்தது.

இரண்டாவது பாதியில் நோட்டுக்காரன் எழுதுவது வேறு. புள்ளிக் கணக்கு இப்போது வேண்டாம். இரண்டு வேலையும் நடக்கிறதா என்று மட்டும் குறிக்கிறான். முதல் 3 ரெய்டிலேயே தெரிந்துவிடும். கவர் சத்தம் கேட்டுத்தான் போகிறானா? இரண்டாவது ரெய்டில் கால் போனஸ் கோட்டை நோக்கிப் போகிறதா? வேலை நடந்தும் புள்ளி வராவிட்டால் பொறுக்க வேண்டும். வேலையே நடக்கவில்லை என்றால் டைம் அவுட் எடுக்க வேண்டும். பாதிக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 நொடி. அதில் புதிதாக எதையும் சொல்வதில்லை, விட்டுப்போன வேலையை மட்டும் அதே சொற்களில் நினைவுபடுத்துகிறேன். அன்றைக்கு 6-ஆவது நிமிடத்தில் ஒன்று எடுத்தேன். கவர் மறுபடி முந்திப் பாய்ந்து தொடப்பட்டு, உள்ளே 3 பேர் ஆகியிருந்தார்கள். "கார்னர் கத்தட்டும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அடுத்து வந்த ரெய்டரை அந்த 3 பேரே பிடித்தார்கள். 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. பெரியவனும் உள்ளே வந்தான்.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

இரண்டு லோனா வாங்கி 18, 20 புள்ளி பின்னால் இருந்தால் நோட்டில் தப்புகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும், இரண்டு வரிசை தெளிவாகத் தெரியாது. அப்போது வெல்வதற்கான வேலை என்று பொய்யாக எதையும் கொடுக்க மாட்டேன். "இந்த ஆட்டத்தைத் திருப்பறது ரொம்பக் கஷ்டம். அடுத்த லோனா மட்டும் வாங்காம 10 நிமிசம் நிக்கணும்" என்று அதையே பிடிக்கான வேலையாக வைத்து, அதற்குத் தகுந்த அடையாளத்தைச் சொல்வேன். வேலை சிறிதாகத்தான் இருக்கும், ஆனால் செய்யக்கூடியதாக இருக்கும்.

பெண்கள் அணிக்கும் சப் ஜூனியருக்கும் பாதி 15 நிமிடம்தான், இடைவேளை அதே 5. அணிக்கு 15 ரெய்டு என்று கணக்கை மாற்றிச் சொல்ல வேண்டும். களமும் சிறியது என்பதால் ரெய்டர் வந்து திரும்பும் தூரம் குறைவு, கார்னர் சத்தம் கொடுப்பதும் இன்னும் சீக்கிரம் வேண்டும்.

அடிபட்டவன் இருந்தால் முதல் நிமிடம் அவனுக்கு, பேச்சு பின்னால். முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்கிற பையனை ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். முகம் சுளித்தால் மாற்று ஆள்தான்.

அன்றைக்கு ஆட்டம் 27-க்கு 29 என்று முடிந்தது. 2 புள்ளியில் தோற்றோம். 14-ஆவது நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு லோனா கொடுத்தோம், கடைசி 2 நிமிடத்தில் உயரமான பையன் பழையபடி காலை நீட்டி 2 பேரைத் தொட்டுவிட்டுப் போனான். வேனில் வீட்டுக்கு வரும்போது நோட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது பாதியில் முந்திப் பாய்ந்து தொடப்பட்டது 1, மூன்றாவது ரெய்டில் மாட்டியது 1. பின்சீட்டில் சின்னவன், பெரியவனின் முழங்கையைப் பிடித்து இருட்டிலேயே அந்தப் போனஸ் காலை எப்படி வைத்தான் என்று காட்டிக்கொண்டிருந்தான்.